புதுப்பிப்பு: அப்பாவின் கல்லீரல் கட்டி, சி.டி. முடிவு

முன்பு கேட்டது: “அப்பாவுக்கு நெடுநாளாக ஹெபடைடிஸ் பி. ஆறு மாத ஸ்கேனில் கல்லீரலில் 14 மி.மீ. கட்டி, கல்லீரல் புற்றுநோயில் உயரக்கூடிய ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை இயல்பு. பயாப்சி வேண்டுமா?”

இப்போதைக்கு எடுக்கவில்லை. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் இல்லாதவருக்குப் புற்றுநோய் வராது என்று ஒருவர் ஆறுதலாக எழுதியிருந்தார்; ஆனால் இந்த வைரஸின் டி.என்.ஏ. கல்லீரல் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிக்கொள்வதால், சிரோசிஸ் இல்லாமலும் கட்டி வரக்கூடும் என்றார் எங்கள் மருத்துவர். சிறிய கட்டிகள் பலவற்றில் ஏ.எஃப்.பி. உயர்வதே இல்லையாம்.

தம் மனைவியின் கட்டி வெறும் ரத்தநாளக் கட்டியாக முடிந்ததாக எழுதிய அன்பருக்கு நன்றி. அப்பாவுக்கும் அப்படியே இருக்கக் கூடாதா என்று அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியதால் மருந்து செலுத்தி, பல கட்டங்களாகச் சி.டி. எடுக்க வேண்டும் என்று கதிரியக்கத் துறை அன்பர் சொன்னதே சரியாக அமைந்தது. கல்லீரல் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்வதால் முதலில் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்துவிடுமாம். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவரிடம், இந்த அளவுக் கட்டியில் இவ்விரண்டும் தெளிவாகத் தெரிந்தால் பயாப்சி ஊசி குத்தாமலே புற்றுநோய் என்று உறுதி செய்கிறார்கள்.

அப்பாவின் கட்டி பளிச்சிட்டது, கறுக்கவில்லை. மூன்று மாதத்தில் எம்.ஆர்.ஐ. என்கிறார் கதிரியக்க மருத்துவர். அறுவை மருத்துவரோ உடனே பயாப்சி எடுக்கலாம் என்கிறார். வியாழக்கிழமை இருவரும் கூடிப் பேசுகிறார்கள்.