ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு மணல் போடலாமா?

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம் எட்டு கலப்பினக் கறவைப் பசுக்களைச் சிமெண்ட் தரையில் ரப்பர் விரிப்பு போட்டுக் கட்டி வளர்க்கிறேன். இரண்டு ஆண்டுகளாகத் தேய்ந்த விரிப்பின் மேல் ஈரம் காயாமல் நிற்பதால், இந்த மழைக்காலத்தில் மூன்று பசுக்களுக்கு மடிநோய் வந்தது. இரண்டின் பின்னங்கால் மூட்டில் மயிர் உதிர்ந்து வீக்கமும் தெரிகிறது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் மூத்திரமும் சாணமும் சேறாகத் தேங்கியிருந்தன.

வைக்கோல் பரப்பினால் பசுக்கள் சுகமாகப் படுக்கின்றன. ஆனால் நனைந்த வைக்கோலே கிருமிகளுக்கு உணவாகிவிடுவதால் தினமும் மாற்ற வேண்டும், தீவனத்துக்கே போதாத வைக்கோலை அப்படிச் செலவிட எனக்குக் கட்டுப்படியாகாது. மணலில் கிருமி பெருக உணவில்லை, ஈரமும் கீழே இறங்கிவிடும் என்பதால், அரை அடி ஆழத்துக்கு நிரப்பிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

என் தயக்கம் இரண்டு. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், கூர்முனையுள்ள எம்-சாண்ட் காம்பையும் மூட்டையும் உராயுமா? சாணத்தோடு செல்லும் மணல் சாண எரிவாயுக் கலனின் அடியில் படியும் என்பதால், அதை முன்பே பிரிக்கத் தொட்டி கட்டியவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? எம்-சாண்டில் பசுக்களைப் படுக்கவைத்த அனுபவமுள்ளவர்கள், எத்தனை நாளுக்கொரு முறை புது மணல் சேர்க்கிறீர்கள் என்பதையும் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.