கலைச்சொல்: ‘ஹாஃப் பிளட்’டுக்கு ‘அரை இரத்தம்’ பொருந்துமா?

சிவகாமி:

வணக்கம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு எளிய தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. உயில் எழுதாமல் இறந்தவருக்கு மனைவியும் பிள்ளையும் தாயும் தகப்பனும் இல்லாதபோது உடன்பிறந்தாரின் முறை வரும் பகுதியில் நிற்கிறேன். தாயும் தகப்பனும் ஒன்றானால் ஃபுல் பிளட், தகப்பன் மட்டும் ஒன்றானால் ஹாஃப் பிளட், தாய் மட்டும் ஒன்றானால் யூட்டரைன் பிளட் என்று சட்டம் மூன்று சொற்களை வைத்திருக்கிறது. இவை எதிலும் சேராமல், பெற்றோரின் மறுமணத்தால் மட்டும் வரும் ஸ்டெப் உறவு நான்காவது. வரைவில் முழு இரத்தம், அரை இரத்தம், கருப்பை இரத்தம் என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த இரண்டு பேருமே “அரை இரத்தம் என்றால் பாதிப் பங்குதானே?” என்று கேட்டார்கள். சொல்லே தப்பான கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறது என்று தோன்றுகிறது. வேறு சொல் வேண்டும்.

ராகவன்:

அந்த இருவர் கேட்டதில் தவறில்லையே. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலச் சட்டப்படி, முழு உடன்பிறந்தாரும் ஹாஃப் பிளட் உறவும் சேர்ந்து வாரிசாக வந்தால் பின்னவருக்குப் பாதிதான். ‘அரை’ என்ற சொல் அங்கே அப்படியே பொருந்துகிறது. இந்தியாவிலும் அதே பொருளில்தான் வைத்திருப்பார்கள். ‘அரைக்குருதி’ என்றால் இன்னும் தமிழாக இருக்கும்.

பொன்னுசாமி:

ராகவன் சொன்னது ஃபுளோரிடாவுக்குச் சரி. இங்கே சரியில்லை. 18-ஆம் பிரிவு, உறவின் தன்மை மற்ற எல்லாவகையிலும் ஒன்றாக இருந்தால் ஃபுல் பிளட் வாரிசுக்கு முன்னுரிமை என்கிறது. முன்னுரிமை என்றால் முந்தியவர் முழுவதையும் எடுத்துக்கொள்வார், பிந்தியவருக்கு ஒன்றுமில்லை. பாதி என்ற பேச்சே அந்தப் பிரிவில் கிடையாது.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்த்துவிடலாம். ஒருவருக்கு மூத்த தாரத்தில் கதிர், மீனா. அந்த அம்மாள் இறந்தபின் ஒரு கைம்பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பாலு பிறந்தான். அந்தக் கைம்பெண்ணுக்கு முதல் கணவர் வழியில் சுமதி என்று ஒரு மகள் ஏற்கெனவே உண்டு. நால்வரும் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள். பெற்றோர் எல்லோரும் இப்போது உயிரோடு இல்லை.

கதிர் மணமாகாமல், உயில் எழுதாமல், 18 லட்சம் ரூபாய் வைத்துவிட்டு இறக்கிறான். சட்டத்தின் அட்டவணையில் மனைவி, பிள்ளை, தாய் போன்றோர் வரும் முதல் வகுப்பில் வாரிசு யாரும் இல்லை. இரண்டாம் வகுப்பின் முதல் பதிவில் தகப்பன், அவரும் இல்லை. இரண்டாம் பதிவில் சகோதரன், சகோதரி. மீனாவும் பாலுவும் அங்கேதான் வருகிறார்கள். மீனா ஃபுல் பிளட், பாலு ஹாஃப் பிளட். 18 லட்சமும் மீனாவுக்கு. சுமதிக்கும் கதிருக்கும் இரத்தத் தொடர்பே இல்லை, அவள் எந்தப் பதிவிலும் வரமாட்டாள்.

இங்கே பலர் சறுக்குவார்கள். மீனா கதிருக்கு முன்பே இறந்து, அவளுக்கு ஒரு மகன் மட்டும் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அவன் கூடப்பிறந்த அக்கா மகனாயிற்றே, அவனுக்குத்தான் முன்னுரிமை” என்று வாதம் வரும். நிற்காது. சகோதரி மகன் நான்காம் பதிவு, பாலு இரண்டாம் பதிவு. ஒருவர் சகோதரர், மற்றவர் சகோதரியின் மகன், உறவின் தன்மையே வேறு. ஆகவே 18-ஆம் பிரிவுக்கு அங்கே வேலையில்லை. முழுவதும் பாலுவுக்கு.

மல்லிகா:

இதைப் படித்ததும் பயமாகிவிட்டது. என் மாமனாருக்கு இரண்டு தாரம். மூத்தவர் தவறிய பிறகுதான் என் மாமியாரைக் கட்டினார். மாமனார் போன வருடம் உயில் இல்லாமல் காலமானார். என் கணவர் இளைய தாரத்துப் பிள்ளை. அப்படியானால் மூத்த தாரத்துப் பிள்ளைகள் முன்னுரிமை கேட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாமா?

பொன்னுசாமி:

இல்லை அம்மா. பயப்பட வேண்டாம். இறந்தவருக்கும் வாரிசுக்கும் இடையில் என்ன உறவு என்றுதான் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குள் என்ன உறவு என்பது இங்கே கேள்வியில்லை. உங்கள் மாமனாருக்கு இரண்டு தாரத்துப் பிள்ளைகளும் பிள்ளைகள்தான். எல்லோரும் முதல் வகுப்பு, எல்லோருக்கும் சம பங்கு, உங்கள் மாமியாருக்கும் அதே அளவு ஒரு பங்கு. ஹாஃப் பிளட் என்ற கேள்வி பிள்ளைகளில் ஒருவர் இறந்து, அவர் சொத்து உடன்பிறந்தாருக்குப் போகும்போதுதான் எழும்.

மூத்தவர் இருக்கும்போதே இரண்டாவது திருமணம் நடந்திருந்தால் கணக்கு மாறும். அந்தத் திருமணம் செல்லாது. பிள்ளைகள் பெற்றோர் சொத்துக்கு வாரிசாவார்கள், ஆனால் இந்துத் திருமணச் சட்டம் 16-ஆம் பிரிவு பெற்றோர் தவிர வேறு யார் சொத்திலும் அவர்களுக்கு உரிமை தருவதில்லை. அதை வைத்து, தகப்பன் ஒருவரேயான அண்ணன் சொத்தைக் கேட்க முடியாது. உங்கள் வீட்டில் அந்தச் சிக்கல் இல்லை.

சிவகாமி:

மல்லிகா அம்மா கேட்டது நல்லதாயிற்று. ‘அரை இரத்தப் பிள்ளை’ என்று ஒருவரைக் குறிக்கும் சொல்லாக வைத்தால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். யாருக்கு யார் அரை என்பது மறைந்துவிடுகிறது. ஐயா, பாலு இறந்தால் என்ன ஆகும்? சுமதியும் அவனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆயிற்றே.

பொன்னுசாமி:

மனசுக்கு ஒப்பாத இடம் அதுதான். பாலுவின் தாய் தன் பெயரில் 36 லட்சம் மதிப்புள்ள வீட்டை விட்டுவிட்டு உயில் இல்லாமல் இறந்தார் என்று கொள்வோம். அவர் பெற்ற பாலுவுக்கும் சுமதிக்கும் ஆளுக்கு 18 லட்சம். கதிரும் மீனாவும் அவர் பெற்ற பிள்ளைகள் அல்லர். பெண்ணின் ‘மகன்’ என்ற சொல்லில் கணவரின் முந்தைய தாரத்து மகன் அடங்கமாட்டான் என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்த்திருக்கிறது.

பிறகு, கதிரும் மீனாவும் உயிரோடு இருக்க, பாலு மணமாகாமல் இறக்கிறான். அந்த 18 லட்சம் எங்கே போகும்? கதிருக்கும் மீனாவுக்கும் ஆளுக்கு 9 லட்சம். சுமதிக்கு ஒன்றுமில்லை. அவளைப் பெற்ற தாயின் வீட்டுப் பணம்தான், ஆனாலும் இல்லை. அட்டவணையின் விளக்கக் குறிப்பு, சகோதரன் சகோதரி என்பதில் யூட்டரைன் பிளட் உடன்பிறந்தார் சேரமாட்டார்கள் என்கிறது. இரண்டாம் வகுப்பில் ஒருவரும் இல்லை, ஆண்வழி உறவினரும் இல்லை என்றால்தான் கடைசி வரிசையில் அவள் நிற்கலாம். சொத்து வந்த வழியே திரும்பும் விதி பெண்ணின் சொத்துக்கு உண்டு, பாலுவின் சொத்துக்குக் கிடையாது. பாலு ஒரு பக்கத்தில் உயில் எழுதியிருந்தால் போதும்.

கலைவாணன்:

சொல் பக்கம் ஒரு கருத்து. ‘சகோதரன்’ வடசொல், ஒரே உதரம், அதாவது ஒரே வயிறு என்று பொருள். ‘ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்’ என்று நாம் சொல்வதும் அதையேதான். சொல்லின் வேரைப் பார்த்தால் பாலுவுக்கு உண்மையான சகோதரி சுமதி. சட்டமோ வயிறு ஒன்றானவரைத் தள்ளிவிட்டுத் தகப்பன் ஒன்றானவரை எடுத்துக்கொள்கிறது. கையேட்டில் ‘சகோதரி’ என்று சும்மா விட்டால் படிப்பவர் சுமதியைத்தான் நினைப்பார்.

நூருல்லா:

அரபியில் இதற்கு மூன்று தனிப் பெயர்கள் உண்டு. தாயும் தகப்பனும் ஒன்றானால் அஃயான், தகப்பன் மட்டும் ஒன்றானால் அல்லாத், தாய் மட்டும் ஒன்றானால் அக்யாஃப். எதிலும் ‘பாதி’ கிடையாது. முஸ்லிம் குடும்பமாக இருந்தால் பாலுவின் 18 லட்சத்தில் சுமதிக்கு ஆறில் ஒன்று, 3 லட்சம், நிச்சயப் பங்கு. மீதி 15-இல் கதிருக்கு 10, மீனாவுக்கு 5. இந்துச் சட்டத்தில் ஒதுக்கப்பட்டவளுக்கு இங்கே முதலில் எடுத்து வைக்கிறார்கள்.

ஞானம்:

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன் 27-ஆம் பிரிவு ஃபுல் பிளட், ஹாஃப் பிளட் வேறுபாடே இல்லை என்கிறது. பாலுவின் பணம் மூவருக்கும் ஆளுக்கு 6 லட்சம். ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் சட்டத்தில் ஹாஃப் பிளட் என்பது தாய் ஒன்றானவரையும் உள்ளடக்கும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தகப்பன் ஒன்றானவர் மட்டும்தான். ஆங்கிலத்தில் ஒரே சொல், இரண்டு சட்டத்தில் இரண்டு அகலம். ஒரே தமிழ்ச் சொல்லை இரண்டுக்கும் போட்டால் ஏதோ ஒன்றில் பொய்யாகும்.

சிவகாமி:

அப்படியானால் ‘அரை’யை விட்டுவிடுகிறேன். எந்தப் பெற்றோர் பொது என்பதைச் சொல்லிலேயே வைப்போம். தந்தைவழி உடன்பிறந்தார், தாய்வழி உடன்பிறந்தார் என்று வைக்கலாமா?

பொன்னுசாமி:

வேண்டாம். தந்தைவழிச் சகோதரர் என்றால் நீதிமன்றத்தில் பெரியப்பா மகன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கலைவாணன்:

இழை என்று வைத்துப் பாருங்கள். ஈரிழை உடன்பிறந்தார், தந்தையிழை உடன்பிறந்தார், தாயிழை உடன்பிறந்தார். இழை எண்ணிக்கையைச் சொல்லும், பங்கைச் சொல்லாது. 1925 சட்டத்தின் அகலமான பொருளுக்கு ‘ஓரிழை’ என்று பொதுவாகச் சொல்லிவிடலாம்.

ராகவன்:

ஃபுளோரிடாவை இங்கே பொருத்தியது என் பிழை. இழை பிடித்திருக்கிறது. ஸ்டெப் உறவுக்கு ‘மாற்றாந்தாய் மகள்’ என்பதே போதாதா?

பொன்னுசாமி:

போதாது. மனுக்களில் அடிக்கடி தகராறு தருவதே அந்தச் சொல்தான். ‘மாற்றாந்தாய் மகன்’ என்று கதிர் எழுதினால் அது பாலுவாகவும் இருக்கலாம். சுமதிக்கு ஒரு தம்பி முதல் கணவர் வழியில் இருந்தால் அவனாகவும் இருக்கலாம். முன்னவனுக்கு இரண்டாம் பதிவில் இடம், பின்னவனுக்கு எங்கேயும் இடமில்லை. கலைச்சொல் எதுவானாலும் மனுவில் ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர், தாய் பெயர், அந்தத் திருமணம் நடந்த ஆண்டு, முந்தைய துணை இறந்த நாள் நான்கையும் எழுதுங்கள். பிறப்புச் சான்றும் இறப்புச் சான்றும் அதற்குத்தான். பள்ளிச் சான்றிதழில் வளர்த்தவர் பெயரையே தகப்பன் பெயராகப் போட்டிருப்பார்கள், சுமதி போன்றவர்களுக்கு அது தவறான நம்பிக்கையைக் கொடுக்கும்.

சிவகாமி:

ஸ்டெப் உறவுக்கு ‘மணவழி உடன்வளர்ந்தார்’ என்று எழுதிப் பார்க்கிறேன். பிறப்பைச் சொல்லாமல் வளர்ப்பைச் சொல்கிறது. வரைவில் நான்கும் இப்போது ஈரிழை, தந்தையிழை, தாயிழை, மணவழி.

ஞானம்:

ஒரு தடை. ஹாஃப் பிளட் உடன்பிறந்தாருக்கு மட்டும் இல்லை. சித்தப்பாவும் ஹாஃப் பிளட்டாக இருக்கலாம், அதாவது அப்பாவுக்கும் அவருக்கும் தாத்தா ஒருவர், பாட்டிகள் வேறு. அவரைத் ‘தந்தையிழைச் சித்தப்பா’ என்றால் படிப்பவர் என் தந்தையைத்தானே நினைப்பார்? பொதுவாக இருப்பது தாத்தா அல்லவா?

கலைவாணன்:

உண்மைதான். ‘ஆணிழை’ என்றால் தகப்பனும் தாத்தாவும் இரண்டும் அடங்கும். ஆனால் ‘ஆண்வழி உறவினர்’ ஏற்கெனவே வேறு பொருளில் நிற்கிறது.

சிவகாமி:

உடன்பிறந்தார் பகுதியில் தந்தையிழை என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். சித்தப்பா, அத்தை வரும் ஏழாம் பதிவுக்குச் சொல் இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இப்போதைக்கு ‘தாத்தா ஒருவர், பாட்டி வேறு’ என்று நீட்டியே எழுதிவைக்கிறேன். யாருக்காவது சொல் தோன்றினால் இந்த மடலிலேயே தொடருங்கள்.