புதுப்பிப்பு: தறியில் நீண்டுபோன வட்டப் பூ

என் கேள்வி: “எட்டு வருஷம் கழித்துத் திரும்பவும் கைத்தறி டிசைன் வரைந்து இணையத்தில் போடுறேன். கட்டத்தாளில் வட்டமான பூ, மருதமுனையில் நெய்து வந்தால் முட்டை மாதிரி நீளுது. ஏன்?”

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தறி வீட்டு அக்கா சொன்னதுதான் பலித்தது. பழைய துண்டில் ஓர் அங்குலத்தை அளந்து இழைகளை எண்ணச் சொன்னார். நெடுக்கே ஓடும் பாவு இழை 60, குறுக்கே ஓடும் ஊடை இழை 48. நானோ ஓர் இழைக்கு ஒரு கட்டமாக 60க்கு 60 கட்டம் வரைந்திருந்தேன். அதனால் அகலம் 1 அங்குலம், உயரம் ஒன்றேகால். அப்புறம் 60க்கு 48 என்று வரைந்து அனுப்பினேன். தாளில் பூ சப்பையாகத் தெரிந்தது, பயந்தேன். வெள்ளவத்தைக்கு வந்த துண்டில் அழகான வட்டம்!

நூல் தடிப்புதான் காரணம் என்ற அண்ணா சொன்னதும் பாதி சரி. தடித்த ஊடை அங்குலத்தில் குறைவாகத்தான் அடங்கும். ஆனால் நூலை மாற்றினால் துணியின் தன்மையே மாறிவிடும். சாயம் போகிறது என்று எழுதிய தங்கச்சி, அது வேறு பிரச்சினை, தனியாகக் கேளுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: துவைத்ததும் பூ உயரத்தில் கொஞ்சம் சுருங்கியது. இனித் துவைத்த துண்டில்தான் எண்ணுவேன். ஒவ்வொரு நூலுக்கும் இது மாறுமா என்று இன்னும் பார்க்கவில்லை.

இரண்டு தாள்களையும் துணியோடு படமெடுத்துப் போட்டேன். அதைப் பார்த்துத்தான் முதல் ஓடர் வந்தது, நான்கு சேலை.