சுவர் ஷார்ப், முகம் மங்கல்: இந்தப் போர்ட்ரெய்ட்டைக் காப்பாற்ற முடியுமா?

நிழல்வெளி
ஃபுல் ஃப்ரேம் கேமரா, 24 மெகாபிக்சல், 50 மிமீ லென்ஸ், f/4, ஷட்டர் 1/250. ஆள் என்னிடமிருந்து ஏறக்குறைய 2 மீட்டரில் நிற்கிறார், அவருக்கு 30 செ.மீ. பின்னால் செங்கல் சுவர். கேமரா முகத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டது. செங்கல்லின் ஒவ்வொரு துளையும் தெரிகிறது, கண் மட்டும் மெழுகு மாதிரி இருக்கிறது. வரிசையாக எடுத்த மற்ற படங்களில் இந்தச் சிரிப்பு இல்லை, அதனால் இதை விட மனமில்லை. ரா ஃபைல் இருக்கிறது. லைட்ரூமில் ஷார்ப்பனிங்கை முழுக்க ஏற்றிப் பார்த்தேன், தோலில் மணல் கொட்டியது போல நாய்ஸ் வந்ததுதான் மிச்சம். 12×18 அங்குலத்தில் பிரிண்ட் போட ஆசை. வழி இருக்கிறதா?

மூன்றாம்கண்
ரொம்ப சுலபம். படத்தைத் திறந்து எடிட் போய் முகத்தில் தொட்டால் ஃபோகஸ் அங்கே மாறிவிடும், பின்னணி தானாக மங்கும். போன வாரம்கூட என் போனில் ஒரு படத்தை அப்படித்தான் சரி செய்தேன்.

கூர்முனை
மூன்றாம்கண், அது போனின் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்த படத்துக்கு மட்டும். அங்கே லென்ஸ் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஷார்ப்பாகவே எடுத்துவிடும், மங்கலைப் பிறகு கணக்குப் போட்டுப் பூசுவார்கள், அதனால் பூச்சை இடம் மாற்ற முடிகிறது. இவருடைய படத்தில் மங்கல் லென்ஸிலேயே நடந்துவிட்டது.

பழையலென்ஸ்
1/250 என்றாலும் ஆள் அசைந்திருக்கலாம். எனக்கு இது அசைவு போலத்தான் தோன்றுகிறது, ஃபோகஸ் பிரச்சினை இல்லை. அசைவுக்கான ஃபில்டர் போட்டுப் பாருங்கள்.

கூர்முனை
சுவர் ஷார்ப்பாக இருப்பதால் கை ஆட்டம் இல்லை. ஆள் அசைந்திருக்கலாம் என்ற சந்தேகம் நியாயம்தான், ஆனால் ஊகிக்க வேண்டாம், படமே சொல்லிவிடும். நிழல்வெளி, 100% பெரிதாக்கி, முகத்தின் தூரத்திலேயே இருக்கும் மிகச் சிறிய மின்னல் புள்ளி ஒன்றைத் தேடுங்கள். கண்ணாடிச் சட்டகத்தின் திருகு, கம்மலின் ஓரம், எதுவானாலும் சரி. கண்ணுக்குள் தெரியும் ஜன்னல் ஒளி வேண்டாம், அதற்கே தனி உருவம் உண்டு. புள்ளி கோடாக நீண்டிருந்தால் அசைவு. உருண்டை வட்டாக விரிந்திருந்தால் ஃபோகஸ் தவறியது. வட்டு எத்தனை பிக்சல் அகலம் என்று எண்ணிச் சொல்லுங்கள், மீதி எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

நிழல்வெளி
கண்ணாடித் திருகு இருக்கிறது. வட்டம்தான், கோடு இல்லை. 7 பிக்சல், சில பக்கம் 8 என்று சொல்லலாம்.

கூர்முனை
உங்கள் தூரங்களை வைத்துக் கணக்குப் போட்டாலும் 7 தான் வருகிறது. இதே இடத்தில் 85 மிமீ லென்ஸை f/1.8-இல் வைத்து எடுத்திருந்தால் வட்டு 45 பிக்சல் தாண்டியிருக்கும், அப்போது விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

7 பிக்சல் என்பது முகத்தின் மேல் ஏறக்குறைய 1.6 மி.மீ. அதாவது அதைவிடச் சிறிய எதுவும் பக்கத்தில் இருப்பதோடு கலந்துவிட்டது. இமை முடிகளைத் தனித்தனியாகவோ தோலின் துளைகளையோ எந்த ஸ்லைடரும் திருப்பித் தராது. இமையின் கோடு, கருவிழியின் வட்டம், உதட்டின் ஓரம், இவை திரும்பும். ஒரு முகம் ஷார்ப்பாகத் தெரிவதற்கு பெரும்பாலும் இவைதான் காரணம்.

முதலில் ரா கன்வர்ட்டரில் ஷார்ப்பனிங்கை 0 ஆக்குங்கள், நாய்ஸ் குறைப்பையும் நிறுத்துங்கள், 16 பிட்டில் ஃபோட்டோஷாப்புக்குக் கொண்டுபோங்கள். லேயரை நகலெடுத்து Smart Sharpen திறந்து, Remove என்ற இடத்தில் Gaussian Blur இருந்தால் Lens Blur என்று மாற்றுங்கள், நம் மங்கல் வட்டு வடிவம் என்பதால் இதுதான் பொருந்தும். Radius வட்டின் பாதி, அதாவது 3-இல் ஆரம்பித்து 3.5 வரை. Amount 150-இல் ஆரம்பியுங்கள். இமைக்கு அருகே வெள்ளைக் கோடோ இரட்டைக் கோடோ முளைத்தால் Radius கூடிவிட்டது, குறையுங்கள். பிறகு அந்த லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, கண், புருவம், உதடு, மூக்கின் ஓரம் மட்டும் வெள்ளையால் திறந்துவிடுங்கள். கன்னத்தைத் தொடாதீர்கள், அங்கே ஷார்ப் ஆவதற்கு ஒன்றும் இல்லை, நாய்ஸ்தான் ஏறும்.

நிழல்வெளி
செய்து பார்த்தேன். Radius 3.2, Amount 170. கண் நன்றாகவே எழுந்து வந்துவிட்டது! ஆனால் படத்தை முழுதாகப் பார்க்கும்போது கண் இன்னும் சுவருக்குத்தான் போகிறது.

ராகவி
அது சரியாகத்தான் சொல்கிறீர்கள், பார்ப்பவர் முகத்தைச் சுவரோடு ஒப்பிடுகிறார். சுவரைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள். நான் ஆளை செலக்ட் செய்து மாஸ்க் போட்டு, பின்னணிக்கு மட்டும் Lens Blur கொடுப்பேன், முகத்தில் மிச்சமிருக்கும் மங்கலைவிடச் சற்றே கூடுதலாக, அவ்வளவுதான். நிறையக் கொடுத்தால் வெட்டி ஒட்டிய படம் மாதிரி ஆகிவிடும். கடைசியில் முழுப் படத்துக்கும் ஒரே அளவில் கொஞ்சம் கிரெயின் சேர்த்தால், ஷார்ப் செய்த இடமும் செய்யாத இடமும் தனித்தனியாகத் தெரியாது.

கூர்முனை
கிரெயின் சரி. சுவரை மங்கலாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தலைமுடி ஓரத்தில் மாஸ்க் காட்டிக்கொடுக்கும், முடிகளுக்கு இடையே செங்கல் ஷார்ப்பாக எட்டிப் பார்க்கும். சுவரின் வெளிச்சத்தையும் Clarity-யையும் இறக்கினாலே கண் முகத்துக்குத் திரும்பும்.

ராகவி
முடி வாரிக் கட்டியிருந்தால் பிரச்சினையே இல்லை. விரித்த முடி என்றால் நீங்கள் சொல்வது சரி.

நிழல்வெளி
சுருள் முடி, காற்றில் பறக்கிறது. அப்படியானால் வெளிச்சத்தை இறக்குகிறேன். 12×18 பிரிண்ட் வருமா என்று யாருமே சொல்லவில்லையே.

கூர்முனை
கணக்குப் பாருங்கள். நீளப் பக்கம் 6000 பிக்சல், அது 18 அங்குலம் ஆகும்போது 7 பிக்சல் வட்டு காகிதத்தில் அரை மி.மீ. கையில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அதே படத்தை 4×6-இல் போட்டால் வட்டு 0.2 மி.மீ.க்குக் கீழே, எந்தத் திருத்தமும் செய்யாமலேயே ஷார்ப்பாகத் தோன்றும். திருத்திய ஃபைலை 8×12 வரை நம்பிப் போடலாம் என்பது என் எண்ணம். ஷார்ப்பனிங் முழு அளவில் முடிந்த பிறகு படத்தைச் சிறிதாக்குங்கள், முன்பே சிறிதாக்கினால் Radius கணக்கு மாறிவிடும்.

பழையலென்ஸ்
12×18-ஐ சுவரில் மாட்டி இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அரை மி.மீ. பெரிதாகத் தெரியாது. நான் போட்டிருப்பேன்.

கூர்முனை
இரண்டடி போதாது, நாலடி என்றால் ஒப்புக்கொள்கிறேன். மாட்டி வைத்த படத்தில் முகம் பார்க்க எல்லோரும் கிட்டேதான் வருவார்கள்.

நிழல்வெளி
அப்போ முகம் வரும் பகுதியை மட்டும் 12×18 அளவிலேயே ஒரு சின்னக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். இன்னொன்று, வரிசையில் அடுத்த படத்தில் கண் ஷார்ப்பாக இருக்கிறது, தலையும் கிட்டத்தட்ட அதே சாய்வு. அந்தக் கண்ணை இங்கே பொருத்தலாமா?

ராகவி
அதில் சிரிக்கவில்லை என்றீர்களே. சிரிக்கும்போது கீழ் இமை மேலே ஏறும். சிரிக்காத கண்ணை ஒட்டினால் முகமே வேறு யாரோ போல ஆகிவிடும். புருவத்தை வேண்டுமானால் எடுங்கள், வெளிச்சம் அதே பக்கத்திலிருந்து வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.