கலைச்சொல் விவாதம்: கூரையை எட்டாமல் நடுவில் நின்றுவிடும் புகை

தமிழ்ச்செல்வி, அண்ணா நகர்

குழுவினருக்கு வணக்கம். திருப்பெரும்புதூர் பக்கம் உள்ள ஒரு கிடங்கின் மேற்பார்வையாளர்களுக்காகத் தீப் பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தகடு வேய்ந்த கூரை. உயரம் 14 மீட்டர். அலுவலகங்களின் உட்கூரையில் நாம் காணும் வட்டமான புகை உணரியை இத்தகைய கூரையில் நம்பக் கூடாது என்றும், அதற்குக் காரணம் 'ஸ்ட்ராட்டிஃபிகேஷன்' என்றும் மூல ஆவணம் ஒரே வரியில் சொல்லிவிட்டு, வெப்ப உணரி, சுடர் உணரி, பீம் டிடெக்டர் என்று பட்டியலிட்டுக் கடந்துவிடுகிறது. எனக்கு முன் இதை மொழிபெயர்த்தவர் முதற்சொல்லை 'அடுக்காக்கம்' என்று எழுதியிருக்கிறார். படித்தால் பாறைதான் நினைவுக்கு வருகிறது. 'பீம் டிடெக்டர்' அவர் கையில் 'உத்தர உணரி' ஆகியிருக்கிறது. உத்தரத்தில் மாட்டும் கருவி என்று எண்ணிக்கொண்டார் போலும். இரண்டுக்கும் நல்ல சொல் வேண்டும். ஆனால் அங்கே நடப்பது என்ன என்று எனக்கே விளங்காமல் சொல்லைத் தேடுவதில் பயனில்லை என்பதால் அதையும் கேட்கிறேன்.

கணபதி, மயிலாப்பூர்

வேதியியல் கற்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தீயிலிருந்து எழும் புகை, வழியெங்கும் பக்கத்துக் காற்றை உள்ளிழுத்துக் கலந்துகொண்டே ஏறுகிறது. ஏற ஏற அதன் சூடு குறைகிறது, கனம் கூடுகிறது. ஓர் உயரத்துக்குமேல் ஏற முடியாமல் தரையை நோக்கி இறங்கிவிடுகிறது. ஆகவே 'புகை மீள்வு' என்பது பொருந்தும். புகை திரும்பிவிட்டாலும் வெப்பம் கூரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் அல்லவா? உயர்ந்த கூரைகளில் வெப்ப உணரியைப் பொருத்துவதன் காரணம் அதுவே.

மெய்யப்பன், கிண்டி

கணபதி ஐயா சொன்னதில் முதற்பாதி முழுவதும் சரி. புகைத்தூண் உயரத்தோடு பருத்து, நீர்த்து, குளிர்கிறது. உயரம் இரு மடங்கானால், சுற்றுக் காற்றைவிட அதற்கு இருக்கும் கூடுதல் வெப்பநிலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆனால் இது மட்டுமே புகையை நிறுத்தாது. கிடங்கு முழுவதும் காற்று ஒரே வெப்பநிலையில் இருந்தால், எவ்வளவு நீர்த்த புகையும் அந்தக் காற்றைவிடச் சற்றேனும் சூடாகவே இருக்கும், ஆகவே மெதுவாகவாவது கூரையைத் தொட்டுவிடும். அதை நிறுத்துவது மேலே ஏற்கெனவே தங்கியிருக்கும் சூடான காற்றுதான். ஏறிவரும் புகையின் வெப்பநிலையும் அந்த உயரத்துக் காற்றின் வெப்பநிலையும் எங்கே சமமாகின்றனவோ அங்கே புகைக்கு மேலெழும் விசை தீர்ந்துபோகிறது. அது தரைக்குத் திரும்புவதில்லை, அதே மட்டத்தில் பக்கவாட்டில் பரவுகிறது.

அம்மா சொன்ன 14 மீட்டர் கிடங்கையே எடுத்துக்கொள்வோம். மே மாதப் பிற்பகலில் தரையில் 35 பாகை, கூரையடியில் 49 பாகை என்று வைத்துக்கொண்டால் மீட்டருக்கு ஒரு பாகை ஏறுகிறது. இந்த ஏற்றத்துக்கு, அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் புகைக் கட்டுப்பாட்டு நெறிமுறையான என்.எஃப்.பி.ஏ. 92 ஆவணத்தில் உள்ள சூத்திரம் மிக எளிதாகச் சுருங்கிவிடும்: புகைத்தூணோடு மேலே செல்லும் வெப்பத்தைக் கிலோவாட்டில் எடுத்து, அதன் நான்காம் மூலத்தை 5.54 ஆல் பெருக்கினால், புகை எட்டக்கூடிய உச்ச உயரம் மீட்டரில் கிடைக்கும். தீயின் மொத்த வெப்பத்தில் சுமார் 70 விழுக்காடு இவ்வாறு தூணோடு செல்கிறது. அட்டைப்பெட்டி ஒன்றில் பற்றத் தொடங்கிய 10 கிலோவாட் தீயில் இந்தப் பங்கு 7 கிலோவாட். புகை 9 மீட்டரில் நின்றுவிடுகிறது. 14 மீட்டரைத் தொட வேண்டுமானால் தீ ஏறக்குறைய 60 கிலோவாட்டுக்கு வளர வேண்டும். நான்காம் மூலம் என்பதால் உயரம் இரு மடங்காகத் தீ பதினாறு மடங்காக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சீரான ஏற்றம் என்பது கணக்கின் வசதிக்காகவே. நம் ஊர்த் தகட்டுக் கூரையின் அடியில் சூடு மேற்புறச் சில மீட்டர்களில் போர்வை போலத் தடித்துக் கிடக்கும், புகை அதன் அடிப்பக்கத்திலேயே தடைப்பட்டுவிடும்.

இரவில் தகடு குளிர்ந்துவிட்டால் அதே 10 கிலோவாட் தீயின் புகை கூரைவரை செல்லக்கூடும். அப்போதும் அது பெரிதும் நீர்த்துத்தான் சென்று சேரும் என்றாலும், சென்று சேரும். பணி ஒப்படைப்பின்போது ஏணியில் ஏறி, உணரியின் வாயருகே சோதனைப் புகையைத் தெளித்து, மணி அடித்ததும் கையொப்பம் இடுகிறார்களே, அது உணரி வேலை செய்கிறது என்பதை மட்டுமே காட்டும். தரையிலிருந்து புகை அங்கே வருமா என்ற கேள்வியை அந்தச் சோதனை தொடவே இல்லை.

இனி வெப்ப உணரி. புகையையும் வெப்பத்தையும் மேலே சுமந்து செல்வது ஒரே தூண்தான். புகை நின்ற இடத்தில் வெப்பமும் நின்றுவிடும். பிரிட்டனின் பி.எஸ். 5839-1 நெறிமுறை, அம்மா சொன்ன வட்டமான உணரியைப் போல ஒரே இடத்தில் புகையை உணரும் சாதாரணப் புள்ளிப் புகை உணரிக்குப் பொதுவாக 10.5 மீட்டர் கூரையை வரம்பாக வைக்கிறது. வெப்ப உணரிகளில் மிக நுட்பமான வகைக்கே 9 மீட்டர்தான், மற்றவற்றுக்கு 7.5. ஆக, 14 மீட்டர் கூரையில் வெப்ப உணரியை மாட்டுவது புகை உணரியைவிட மோசமான முடிவு. மூல ஆவணத்தின் பட்டியலில் உள்ள 'வெப்ப உணரி' பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களுக்கு உரியதாக இருக்கும். ஒன்று, டீசல் வண்டிப் புகையால் புகை உணரி ஓயாமல் அலறக்கூடிய தாழ்ந்த கூரையுள்ள சரக்கேற்றும் பகுதி. மற்றொன்று, சரக்கு அடுக்குச் சட்டங்களின் ஊடே இழுத்துக் கட்டப்படும் வெப்ப உணர்வுக் கம்பி. குறித்த வெப்பநிலையில் அதன் உறை உருகி, உள்ளே முறுக்கிய இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டு எச்சரிக்கை எழுப்பும். அது தீக்கு அருகிலேயே இருப்பதால் கூரை உயரம் அதைப் பாதிப்பதில்லை.

யூசுப், மணலி

மெய்யப்பன் சார், நான் கிடங்கு மேற்பார்வையாளன். கலைச்சொல் எனக்குத் தெரியாது. எங்களிடம் 80 மீட்டர் நீளத்துக்கு பீம் டிடெக்டர்தான் இருக்கிறது. கோடைக்காலத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் பேனலில் 'ஃபால்ட்' விளக்கு எரிகிறது, இரவில் தானே அணைந்துவிடுகிறது. புகை நடுவில் நிற்பது என்று நீங்கள் எழுதியிருப்பது இதுதானா? ஆல்கஹால் பீப்பாய்கள் வைத்திருக்கும் தனி அறையில் மட்டும் சுடர் உணரி போட்டிருக்கிறார்கள். அதையே கிடங்கு முழுவதும் போட்டால் இந்தத் தொல்லை தீருமா?

மெய்யப்பன், கிண்டி

யூசுப் பாய், நீங்கள் காண்பது புகையே அல்ல. அந்தக் கருவி ஒரு முனையிலிருந்து அகச்சிவப்பு ஒளிக்கற்றையை அனுப்பி, மறுமுனையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கிறது. 80 மீட்டர் தொலைவில், அனுப்பும் முனை பத்தில் ஒரு பாகை திரும்பினாலே கற்றை 14 சென்டிமீட்டர் விலகிவிடும். வெயிலில் விரியும் தகட்டுச் சுவரிலோ கூரைச் சட்டத்திலோ அதைப் பொருத்தியிருந்தால் நாள்தோறும் இப்படித்தான் நடக்கும். கான்கிரீட் தூணிலோ முதன்மை எஃகுத் தூணிலோ மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒளி அளவைக் குறித்து வந்தால் காரணம் தெரியும். நண்பகலிலிருந்து மெல்லக் குறைந்து இரவில் மீண்டால் விலகல். ஒரே நொடியில் முற்றிலும் அறுந்தால் ஃபோர்க்லிஃப்ட் தூக்கிய சரக்கோ கண்ணாடிமுன் அமர்ந்த புறாவோ குறுக்கே வந்திருக்கிறது. வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைந்தால் தூசி. அதைக் கருவி ஓரளவுக்குத் தானே ஈடுசெய்துகொள்ளும். மேற்குப் பக்க ஒளித்தகட்டின் வழியே மாலை வெயில் நேராக ஏற்பியில் விழுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவு தொல்லையோடும் இதைப் போடுவதற்குக் காரணம் உண்டு. புள்ளி உணரிக்குப் புகை அதன் வாய்க்குள் போதிய அடர்த்தியோடு நுழைய வேண்டும். கற்றைக்கோ, தன் பாதை முழுவதும் இருக்கும் புகையின் கூட்டுத்தொகையே கணக்கு. மீட்டருக்கு 4 விழுக்காடு மட்டுமே ஒளியை மறைக்கும் மெல்லிய புகை 10 மீட்டர் அகலத்துக்குப் பரவியிருந்தால், கற்றையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எச்சரிக்கை வரம்பை 25 விழுக்காட்டில் வைத்திருந்தால் மணி அடித்திருக்கும். உயரத்தால் நீர்த்தது அகலத்தில் ஈடாகிவிடுகிறது.

சுடர் உணரி தீப்பிழம்பின் கதிர்வீச்சை நேரடியாகப் பார்க்கிறது. அகச்சிவப்பு வகைகளில் பல, எரியும்போது உண்டாகும் சூடான கரியமில வாயு 4.3 மைக்ரோமீட்டர் அளவில் உமிழும் ஒளியைத் தேடுகின்றன. ஆல்கஹால் மிகக் குறைந்த புகையோடு, உடனடிச் சுடராக எரியும் என்பதால் உங்கள் தனி அறைக்கு அது சரியான தேர்வு. ஆனால் அதற்குத் தீ கண்ணில் பட வேண்டும். சரக்கு அடுக்கின் உள்ளே அட்டை புகைந்துகொண்டிருந்தால் அது பேசாமல் இருக்கும். புறஊதாக் கதிரை மட்டும் பார்க்கும் வகையாக இருந்தால், பற்றவைப்பு வேலையின் ஒளிக்கு வீணாகக் கத்தும்.

கணபதி, மயிலாப்பூர்

'மீள்வு' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஓர் ஐயம்: புகை 9 மீட்டரிலேயே நின்றுவிடுமானால், 13 மீட்டரில் கட்டிய கற்றையும் அதைக் காணாதே?

மெய்யப்பன், கிண்டி

காணாது. அதனால்தான் கூரையடிக் கற்றையோடு, இடையில் ஒரு மட்டத்திலும் கற்றைகள் வைக்கப் பரிந்துரைக்கிறார்கள். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கூரையைத் தொட்ட புகை பரவிவிடும் என்பதால் மேற்கற்றை தன் இருபுறமும் 7.5 மீட்டர் வரை காக்கும். நடுவில் புகைத்தூண் இன்னும் ஒடுங்கியே இருக்கலாம் என்பதால், இடைக்கற்றை தீயிருப்பிலிருந்து தான் இருக்கும் உயரத்தில் 12.5 விழுக்காடு அகலத்தையே ஒவ்வொரு பக்கமும் காப்பதாகக் கொள்ள வேண்டும். 8 மீட்டர் உயரத்தில் அது பக்கத்துக்கு ஒரு மீட்டர். கிடங்கின் அகலம் முழுவதையும் அப்படி நிரப்ப எந்த உரிமையாளரும் பணம் தரமாட்டார். சரக்குச் சட்டங்களும் வழிவிடா. நடைபாதைகளின் மேலே மட்டும் வைத்து, சட்டங்களுக்குள் கம்பியை ஓட்டுவதே நான் பெரும்பாலும் செய்வது. இதை ஏற்காத வடிவமைப்பாளர்களும் இருக்கிறார்கள்; இடைக்கற்றையே வேண்டாம், காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் குழாய்களைப் பல மட்டங்களில் இறக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

தமிழ்ச்செல்வி, அண்ணா நகர்

'ஒளிக்கற்றைப் புகை உணரி' என்பதை எவரும் மறுக்கவில்லை என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன். முதற்சொல்லுக்கு 'இடைநிற்றல்' என்று எழுதிப் பார்த்தேன். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். 'புகை இடைத்தேக்கம்' எப்படி?

கணபதி, மயிலாப்பூர்

தேக்கம் என்றால் ஓட வழியின்றிக் கிடப்பது. இந்தப் புகையோ பக்கவாட்டில் ஓடுகிறது. 'இடைப்பரவல்' என்றால் நிற்பதும் பரவுவதும் இரண்டும் வந்துவிடும்.

மெய்யப்பன், கிண்டி

பரவல் என்றால் படிப்பவர் தீ பரவுவதாக எண்ணிக்கொள்வார், கணபதி ஐயா. என் வாக்கு இடைத்தேக்கத்துக்கே.

யூசுப், மணலி

சார், நன்றி. பொருத்தியிருப்பது தகட்டுச் சுவரில்தான், மாற்றச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கிடங்கில் காற்றுக்காக ராட்சத விசிறிகள் சுழல்கின்றன. அவை மேற்சூட்டைக் கலைத்துவிடுமே, அப்போது புகை மேலே போய்விடாதா?

மெய்யப்பன், கிண்டி

மேற்சூடு கலையும், உண்மை. ஆனால் புகைத்தூணையும் விசிறி கலைத்துக் கிடங்கு முழுவதும் இறைத்துவிடும். எது மிஞ்சும் என்பது விசிறியின் இடத்தையும் வேகத்தையும் பொறுத்தது. பொதுவாக ஒரு விடை கிடையாது. எச்சரிக்கை மணி அடித்ததும் விசிறிகள் தாமே நிற்கும்படி பேனலில் இணைத்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். விசிறி ஓடும்போதும் நிற்கும்போதும், வெயில் உச்சத்தில், தரையிலிருந்து சூடான புகையை எழுப்பிச் சோதிக்கச் சொல்லுங்கள். தமிழ்ச்செல்வி அம்மா, கையேட்டின் சோதனைப் பகுதியிலும் நேரத்தைப் 'பிற்பகல்' என்றே குறிப்பிட்டு எழுதிவிடுங்கள்.