வரப்பு மூலை ஒட்டமாட்டேங்குது, யாராவது வழி சொல்லுங்க

வணக்கங்க, கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதறேன். எங்க ஊர் வயலையும் வரப்பையும் வாட்டர்கலர்ல வரைஞ்சு, 64 பிக்சல் டைலா வெட்டி ஒரு கேம் பண்றேன்.

எந்தக் கட்டத்துக்கு எந்த டைல்னு முடிவு பண்ண, முதல்ல நாலு பக்கத்தை மட்டும் பார்க்கிற விதி வெச்சேன், 16 டைல். வயல் ‘ட’ மாதிரி மடங்கற இடத்துல சொதப்பிருச்சு. அந்தக் கட்டத்துக்கு நாலு பக்கமும் வயல், வடகிழக்கு மூலையில மட்டும் வரப்பு. விதிக்கு அது முழு வயலாத்தான் தெரியுது, வரப்போட முனை வெட்டின மாதிரி நிக்குது.

அதனால எட்டுத் திசையும் பார்க்க மாத்தினேன். ஒரு மூலையை ஒட்டின ரெண்டு பக்கமும் வயலா இருந்தாத்தான் அந்த மூலைக்கு மதிப்பு:

```
if not (N and E): NE = 0
```

நாலு மூலைக்கும் இப்படிச் செஞ்சா 256 சேர்க்கை 47 ஆகுது. 47-ஐயும் கையால வரைய எனக்குப் பொறுமை இல்லைங்க. டைலை 32 பிக்சல் கால் துண்டா வெட்டினேன். மூலைக்கு 5 வகை, மொத்தம் 20 துண்டு. எல்லாம் சரியா சேருது, ஆனா துண்டுகள் சந்திக்கிற இடத்துல சாயம் மாறி, ஒவ்வொரு டைல் நடுவுலயும் கூட்டல் குறி தெரியுது.

தண்ணிச் சாயத்தைத் தனி லேயர்ல விட்டு, துண்டுகளை வெறும் மாஸ்க்கா வெச்சா இது போகுமா? செஞ்சு பார்த்தவங்க இருக்கீங்களா? வரப்பு ஓரத்துப் புல் மாஸ்க்ல அறுபடாம இருக்க என்ன பண்ணீங்க?