புதுப்பிப்பு: வெள்ளவத்தை வீட்டுப் போஞ்சியும் சுண்ணாம்பும்

“போஞ்சி இலை மஞ்சளாகிறது, சுண்ணாம்பு போடலாமா?” என்று கேட்டிருந்தேன்.

கொழும்பு மண் புளிப்புத்தான், கண்ணை மூடிக்கொண்டு போடு என்றார் ஒருவர். பாதி சரி. விவசாயம் படித்த அண்ணர் சொன்னபடி நடுப்பாத்தியிலும் மதிலோரத்திலும் தனித்தனியாக மண் எடுத்தேன். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் கலக்கி, அரை மணிநேரம் தெளியவிட்டு பிஎச் தாளைத் தோய்த்தேன். நடுவில் 5, அதாவது புளிப்பு; மதிலோரத்தில் 8, அதாவது காரம்! அங்கே பழைய சீமெந்துக் கழிவு புதைந்திருக்கிறது.

நடுப்பாத்திக்கு மட்டும் சதுர மீற்றருக்கு 200 கிராம் டொலமைற் சுண்ணாம்பு கொத்திக் கலந்தேன்; சில வாரம் கழித்துத்தான் விதை. கோழி எரு அப்புறம், சேர்த்துப் போட்டால் அமோனியா பறந்துவிடும்.

மதிலோரம் கழிவைப் பொறுக்கிக் கூட்டெரு போட்டேன். அங்கே தளிர் இன்னும் மஞ்சள்தான், நரம்பு மட்டும் பச்சை. ரோசாவுக்கும் டொலமைற் போடலாமா என்று கேட்ட அக்கா, முதலில் தாளைத் தோயுங்கோ.